சாவடிச் சாவி: மாணவர் வானொலி நாடகம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய வானொலி நாடகம் "சாவடிச் சாவி". இதைத் தங்கள் பள்ளியில் போட எடுத்துக்கொண்ட ஆசிரியர்களும், நடித்த பிள்ளைகளும், கேட்ட பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கதை என்ன? எத்தனை நேரம் ஓடும், எத்தனை பிள்ளைகள் வேண்டும்?

ஒன்பது நிமிடம், ஆறு குரல். தென் மாவட்டத்தில் ஒரு ஊர். ஊர் நடுவில் ஓடு போட்ட சாவடி. கூரை ஒழுகியதால் தலைக்கட்டுக்கு 500 ரூபாய் வரி போட்டு, எல்லா வீட்டிலும் வாங்கி, புதுக்கூரை போட்டுவிட்டார்கள். மார்கழி பிறக்கிறது. வழக்கம்போல விடியற்காலை பஜனைக்குச் சாவடி வேண்டும் என்கிறார் நல்லமுத்துத் தாத்தா. சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. பள்ளிவாசல் நாலு கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருப்பதால், நடக்க முடியாத வயசாளிகள் விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தொழ இடம் கேட்கிறார் காதர் பாய். கிறிஸ்துமஸ் வரைக்கும் சாயங்கால ஜெபக்கூட்டம் நடத்த இடம் கேட்கிறார் ஞானம்மாள் பாட்டி. வரி கொடுத்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், சாவி ஒன்றுதான் இருக்கிறது.

மற்ற மூவர்: ஊராட்சித் தலைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் முத்துலட்சுமி, கிழக்குத் தெருச் செல்வி. ஆறுக்கு மேல் குரல் வைக்காதீர்கள். முகம் தெரியாத இடத்தில் ஏழாவது ஆள் வந்தால் கேட்பவருக்கு யார் யார் என்று பிடிபடாமல் போய்விடும். எங்கள் பிள்ளைகள் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் பேசினார்கள். ஆகவே வசனம் 650 சொல்லுக்குள் நிற்க வேண்டும். மிச்ச நேரம் ஒலிகளுக்கும் இடைவெளிக்கும் போய்விடும்.

பஜனை மடம் என்றே வைத்திருக்கலாமே, ஏன் சாவடி?

முதல் வரைவில் பஜனை மடம்தான். அப்புறம் மாற்றினேன். ஒரு சமயத்தின் வழிபாட்டு இடத்தை இன்னொரு சமயத்துக்கானதாக மாற்றக் கூடாது, 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்த இடத்தின் சமயத் தன்மை எதுவோ அதுவே தொடர வேண்டும் என்று 1991-இல் வந்த வழிபாட்டு இடங்கள் சட்டம் சொல்கிறது. பழைய மடம் ஒன்றைப் பொதுவாக்கச் சொல்லி நாடகம் போட்டால், கேட்கிற பெரியவர்கள் முதலில் எழுப்புவது இந்தக் கேள்வியைத்தான். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

சாவடி அப்படியில்லை. பஞ்சாயத்து பேசவும், வழிப்போக்கர் தங்கவும், ஊர்க்காரர்கள் மத்தியானம் தலைசாய்க்கவும் இருந்த பொதுக்கட்டடம் அது. மார்கழியில் பஜனை நடந்திருக்கலாம், அதனால் அது கோயில் ஆகிவிடாது. "பழக்கத்தில் எங்களுடையது" என்பதற்கும் "எல்லோருடையது" என்பதற்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் இந்த வழக்கு நடக்கிறது. அந்த இடம் கிடைத்த பிறகுதான் நல்லமுத்துத் தாத்தாவுக்கும் நியாயமான வசனம் எழுத முடிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது கிராம சபைக் கூட்டம் இல்லை. நம் மாநிலத்தில் கிராம சபை நவம்பர் 1-க்குப் பிறகு ஜனவரி 26-இல்தான் கூடும், மார்கழி இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆகவே "ஊர்க்கூட்டம்" என்றே சொல்ல வேண்டும். தலைவி தீர்ப்புச் சொல்பவராக இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பவராக வருவதும் அதனால்தான்.

மூன்று சமயத்தாருக்கும் ஒரே கூடத்தில் எப்படி இடம் ஒத்துவரும்? பிள்ளைகளுக்கே புரியவில்லை.

இதுதான் நாடகத்தின் நடுக்காட்சி. பேச்சு சூடாகி எல்லோரும் களைத்த பிறகு, முத்துலட்சுமி சாக்பீஸ் எடுத்துத் தரையில் சாவடியை வரைகிறாள். வானொலியில் படம் தெரியாது. அதனால் அவள் கோடு போடுவது காதில் விழ வேண்டும், போடுகிற கோட்டை அவளே வாயால் சொல்ல வேண்டும்.

(சிமெண்ட் தரையில் சாக்பீஸ் கீறும் ஒலி)
முத்துலட்சுமி: இது தெக்கு. வாசல் இங்க. இது கிழக்குச் செவுரு, தாத்தாவோட வெளக்கு மாடமும் சாமி படமும் இதுல இருக்கு. பஜனைக்கு எல்லாரும் கிழக்கப் பாத்து உக்காருவீங்க. சரியா தாத்தா?
நல்லமுத்து: காலங்காலமா அப்படித்தான்.
முத்துலட்சுமி: பாய் தாத்தா, நீங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழுவீங்க?
காதர் பாய்: மேற்க தாயி. நேர் மேற்கு இல்ல, கொஞ்சம் வடக்க சாச்சு.
(சாக்பீஸ் ஒலி, நீளமாக ஒரே கோடு)
முத்துலட்சுமி: அப்ப ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் முதுகத்தான காட்டுறீங்க. இதுல எங்க சண்டை?

நம் ஊரிலிருந்து மக்கா இருக்கும் திசை மேற்கு, சற்று வடக்குச் சாய்வு. தொழுபவருக்கு எதிரே படமோ உருவமோ இருக்கக் கூடாது. படங்கள் கிழக்குச் சுவரில் இருப்பதால் அவை தொழுபவரின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன. ஞானம்மாள் பாட்டிக்குத் திசை ஒரு பொருட்டே இல்லை; ஒரு மேசையும் வேதப்புத்தகம் வாசிக்க ஒரு விளக்கும் போதும் என்கிறார்.

ஆனால் மேற்குச் சுவரில் ஒரு ஆணி. அதில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த சாமி படக் காலண்டர். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு நாற்காலி நகரும் ஒலி, காகிதம் சலசலக்கும் ஒலி.

முத்துலட்சுமி: தாத்தா, காலண்டர எதுக்கு எடுக்கீக?
நல்லமுத்து: (இருமி) தேதி பாக்கக் கிழக்குச் செவுத்துலயும் ஆணி இருக்குல்ல.

இந்த ஒரு வரியைத் தாத்தா வேடம் போடுகிற பையன் உருக்கமாகச் சொல்லக் கூடாது. மளிகைக் கணக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். எங்கள் ஒத்திகையில் நாலு முறை அழுகைக் குரலில் சொன்னான். ஐந்தாம் முறை உண்மையிலேயே ஒரு காலண்டரைக் கையில் கொடுத்து, சுவரில் மாட்டிக்கொண்டே பேசு என்றேன். சரியாக வந்தது.

விடியற்காலை பஜனையும் தொழுகையும் ஒரே நேரம் ஆயிற்றே, அதை எப்படித் தீர்க்கிறீர்கள்?

மார்கழியில் நம் பக்கம் சுபுஹு நேரம் ஐந்தேகால் வாக்கில் தொடங்கி, ஆறரை மணிச் சூரிய உதயம்வரை இருக்கிறது. பஜனைக்காரர்களும் ஐந்து மணிக்குத்தான் கூடுகிறார்கள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் மோதல்தான். ஆனால் மார்கழி பஜனை ஓரிடத்தில் உட்கார்ந்து பாடுவதில்லையே! கூடிய கையோடு ஜால்ராவை எடுத்துக்கொண்டு வீதி சுற்றக் கிளம்பிவிடுவார்கள். நாலு தெருவும் சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் சாவடி காலி. வயசாளிகள் ஐந்து பேர் தொழுது முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இதை நாடகத்தில் கண்டுபிடிப்பது ஞானம்மாள் பாட்டி. இரண்டு பக்கமும் சேராதவர் என்பதால் அவருக்கு அது தெரிகிறது.

மைக் செட் வைப்பதைப் பற்றி வரும் வசனம் உண்மையான சட்டமா?

உண்மைதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்வரை தளர்த்தலாம். அதுவும் இரவு 10 முதல் 12 வரைக்குத்தான். ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்கு யாருக்கும் மைக் செட் இல்லை என்று தலைவி சொல்வதில் பிழை கிடையாது.

செல்வியின் குரல் பாதி நாடகம்வரை சரியாகவே கேட்கவில்லை. பதிவில் கோளாறா?

கோளாறு இல்லை. அப்படித்தான் கேட்க வேண்டும்.

வானொலியில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்ல நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வழி, மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம். ஒரு சாண் தூரத்தில் பேசுகிறவர் கேட்பவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பத்தடி தள்ளிப் பேசினால் வாசலில் நிற்கிறார். செல்வி கிழக்குத் தெருப் பெண். வரி அவள் வீட்டிலும் கொடுத்தார்கள், ஓடு இறக்கியதும் அவள் அப்பாதான். ஆனால் கூட்டம் நடக்கும்போது அவள் படிக்குக் கீழே நிற்கிறாள். நாடகத்தில் யாரும் "உள்ளே வராதே" என்று சொல்வதில்லை. யாரும் "உள்ளே வா" என்றும் சொல்வதில்லை. நம் ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வசனமாக எழுதினால் பிரசங்கம் ஆகிவிடும். தூரத்தில் ஒலித்தால் கேட்பவருக்கே உறைக்கும்.

அவள் மூன்று முறை பேசுகிறாள். முதல் முறை மைக்கிலிருந்து பன்னிரண்டு அடி. பேச்சுக் கூச்சலில் அவள் சொல் அமுங்கிப்போகிறது, யாரும் பதில் சொல்வதில்லை. இரண்டாம் முறை எட்டடி. முத்துலட்சுமி திரும்பி "என்னக்கா?" என்கிறாள், ஆனால் பெரியவர்கள் பேச்சு மேலே போய்விடுகிறது. மூன்றாம் முறை, திசை தீர்ந்து, நேரம் தீர்ந்து, எல்லோரும் சந்தோஷமாகக் கலையப் போகிற நேரத்தில்:

செல்வி: (தூரத்திலிருந்து) ஐயா, ஒண்ணு கேக்கணும்.
(பேச்சு நிற்கிறது. செருப்பைக் கழற்றும் ஒலி. படியேறும் காலடி, ஒன்று, இரண்டு, மூன்று)
செல்வி: (மைக்குக்கு மிக அருகில், மெதுவாக) மூணு பேருக்கும் எடம் போட்டீங்க. நாங்க பஜனைக்கு வந்தா எந்தப் பக்கம் உக்காரணும்?

இதற்குப் பிறகு நாலு நொடி எந்த ஒலியும் கிடையாது. வானொலியில் நாலு நொடி ரொம்ப நீளம், பிள்ளைகள் பயந்து இரண்டே நொடியில் பேசிவிடுவார்கள். மனசுக்குள் ஒன்று முதல் எட்டுவரை எண்ணச் சொல்லுங்கள், நாலு நொடி கிடைக்கும்.

தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, செல்வியாக நடிக்கும் பிள்ளையை அந்தந்தப் புள்ளியில் நிற்கச் சொன்னோம். பதிவுக்குப் பிறகு கணினியில் ஒலியைக் குறைத்துத் தூரம் காட்டலாம் என்று சிலர் கேட்டார்கள். அது சரிவராது. அருகில் பேசிய குரலைக் குறைத்தால் அது மெல்லிய குரலாகத்தான் கேட்கும், தூரத்துக் குரலாகக் கேட்காது. தூரத்துக் குரலில் அறையின் எதிரொலி கலந்திருக்கும். அதை உண்மையாகத் தள்ளி நின்றுதான் வாங்க முடியும்.

எல்லோரும் ஒன்றாகக் கத்துகிற கூட்டக் காட்சி இரைச்சலாகவே வருகிறதே?

எங்கள் முதல் பதிவிலும் அப்படித்தான். பின்னணிக் கூட்டமாக நிற்கும் பிள்ளைகளிடம் "ஏதாவது பேசுங்கள்" என்று சொன்னால் எல்லோரும் "ஆமாம் ஆமாம்" என்றோ "சேச்சே" என்றோ ஒரே தாளத்தில் சொல்வார்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பேச்சுக் கொடுங்கள். ஒருத்தி பால் கணக்குப் பேசட்டும், ஒருவன் மழை வருமா என்று கேட்கட்டும். நாலே பிள்ளைகள் நாலு வேறு பேச்சுப் பேசினால் நாற்பது பேர் கூட்டம்போல் கேட்கும். அவர்கள் மைக்குக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

சண்டையின்போது ஒருவர் வசனம் முடிவதற்குள் அடுத்தவர் புகுந்துவிடலாம். ஆனால் மூன்றாமவர் சேரக் கூடாது. அப்புறம், பெயரை வசனத்திலேயே வையுங்கள். "பாய், நீங்களே சொல்லுங்க" என்று கேட்ட பிறகு வருகிற குரல் யாருடையது என்று யாருக்கும் சந்தேகம் வராது.

பாங்கு, ஜெபம், பஜனைப் பாட்டு இவற்றைப் பிள்ளைகளே பாடலாமா?

பஜனைக்கு ஜால்ரா ஒலியும் தூரத்தில் நகரும் பாட்டும் போதும். பாங்கை மட்டும் பின்னணி ஒலியாகப் பயன்படுத்தாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அது தொழுகைக்கு அழைக்கும் அழைப்பு. நாடகத்துக்காக ஒரு பிள்ளை அதைப் பாதி சொல்லி நிறுத்துவது பல பெற்றோருக்கு வருத்தம் தரும். அதற்குப் பதில், கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றி ஒருவர் கை, கால், முகம் கழுவும் ஒலியை வைத்தோம். காதர் பாய் தொழுகைக்குத் தயாராகிறார் என்று வசனமே இல்லாமல் புரிந்தது. தொழுகை தெரிந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, எந்த வரிசையில் கழுவுவது என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானம்மாள் பாட்டிக்கு "ஸ்தோத்திரம்" என்று ஒரு வணக்கமும், பழைய புத்தகத்தின் தாள் புரளும் ஒலியும். ஜெபக்கூட்டத்துக்கு மணி வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துத் தண்டவாளத் துண்டை அடித்துப் பதியலாம்.

எங்களிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. பதிவு செய்ய முடியுமா?

முடியும், நாங்களும் செல்போனில்தான் பதிந்தோம். மின்விசிறியை நிறுத்துங்கள். நாங்கள் அதை மறந்து ஒரு மதியம் முழுக்கப் பதிந்ததை அப்படியே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. பதிகிறபோது கேட்காத விர்ரென்ற சத்தம், பதிவில் எல்லா வசனத்துக்கும் அடியில் ஓடியது. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் "ப" வருகிற இடங்களில் காற்று அடிக்காது. வசனத் தாள்களைப் பின் அடிக்காமல் தனித்தனியாகக் கொடுங்கள், புரட்டும் சத்தம் வராது.

சாவடிக்குள் நடப்பதை மேசை நாற்காலி இல்லாத வெறும் வகுப்பறையிலும், வெளியே நடப்பதை மைதானத்திலும் பதியுங்கள். சாவிக்கொத்து நிஜமானதாக இருக்கட்டும். நாங்கள் பழைய இரும்புப் பூட்டு ஒன்றை ஒரு வீட்டிலிருந்து வாங்கிவந்தோம். அதன் "டடக்" ஒலி நாடகம் முழுவதும் நாலு முறை வருகிறது.

இப்படி ஒரு பொது வழிபாட்டு இடம் உண்மையில் எங்காவது இருக்கிறதா?

வடலூர் சத்திய ஞான சபையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வள்ளலார் தொடங்கியது. எண்கோணக் கட்டடம், ஏழு திரைகளுக்குப் பின்னால் ஜோதி. சாதி, சமயம் பார்ப்பதில்லை. ஆனால் கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்ற நிபந்தனை உண்டு. இதற்கு நேர் எதிரான வழியில் போனது சமத்துவபுரம். 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடு, பொதுச் சுடுகாடு. எந்த மதத்தின் வழிபாட்டிடமும் கூடாது. எங்கள் வகுப்பில் இரண்டையும் சொல்லிவிட்டு, நம் சாவடிக்கு என்ன நிபந்தனை வைப்பீர்கள் என்று கேட்டேன். "செருப்பை வெளியே விடணும்" என்பதில் மட்டும்தான் எல்லோருக்கும் ஒத்துப்போயிற்று.

கடைசியில் சாவி யாரிடம் போகிறது? முடிவே சொல்லவில்லையே?

முதலில் ஒரு முடிவு எழுதியிருந்தேன். சாவியை ரேஷன் கடை ஆணியில் மாட்டுகிறார்கள், எல்லோரும் கைதட்டுகிறார்கள், ஒரு பாட்டு. ஒத்திகையில் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஆணியில மாட்டுனா செல்வியக்கா போய் எடுக்கலாமா டீச்சர்?" எனக்குப் பதில் வரவில்லை. பதில் தெரியாமல் கைதட்டல் வைத்தது தப்பு என்று பட்டது.

இப்போது இருக்கிற முடிவில் ஆணி இருக்கிறது, கைதட்டல் இல்லை. மறுநாள் விடியற்காலை. சேவல் கூவுகிறது. யாரோ நடந்து வருகிறார்கள். ஆணியிலிருந்து சாவி எடுக்கும் ஒலி, பூட்டுத் திறக்கும் ஒலி, கதவு கிறீச்சிடும் ஒலி. யார் என்று சொல்வதில்லை.

அந்தக் கடைசிப் பதினைந்து நொடியை ஒவ்வொரு குழுவும் தாங்களே பதிய வேண்டும் என்று வைத்திருக்கிறேன். வசனம் கூடாது. ஒரு குழு நல்லமுத்துத் தாத்தாவின் இருமலை வைத்தது. இன்னொரு குழு ஊன்றுகோல் தட்டும் ஒலியை வைத்து, காதர் பாய் என்றது. மூன்றாவது குழு இரண்டு கண்ணாடி வளையலைப் போட்டுக்கொண்டு பூட்டைத் திறந்தது. படியேறும் காலடி, ஒன்று, இரண்டு, மூன்று.